விரிவுரை ஒன்றுக்கு அத்தியாயம் வகுத்த கதை

சென்ற ஆண்டு எமது துறையில் நிகழ்ந்த விரிவுரை ஒன்று ஒளிப்பதிவு செய்யப்பட்டு யூரியூப்பில் இடப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் பதிப்பு முயற்சிகள் பற்றிய அவ்விரிவுரை ஐம்பத்தெட்டு நிமிடம் நீண்டது. முழுவதையும் இருந்து கேட்கும் வாய்ப்பு எல்லோர்க்கும் இல்லை. எனவே, எந்த நிமிடத்தில் எப்பொருள் தொடங்குகின்றது என்று காட்டும் அத்தியாயப் பட்டியலொன்றைப் பதிவின் கீழ் எழுதித் தருமாறு என்னிடம் கூறப்பட்டது. விரிவுரையாளர் பயன்படுத்திய முப்பத்தொரு ஸ்லைட்டுகளும் கையிலிருந்தன. ஸ்லைட்டின் தலைப்பைப் பார்த்து, அது தோன்றும் நேரத்தைக் குறித்தால் ஒரு மாலைப்பொழுதில் வேலை முடிந்துவிடும் என்று எண்ணினேன். அவ்வெண்ணம் எவ்வளவு தவறானது என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பட்டியலின் அமைப்பைச் சொல்லிவிடுகின்றேன். பதிவின் விவரக் குறிப்பில் வரிக்கு ஒன்றாக நேரத்தையும் அதன்பின் தலைப்பையும் எழுதவேண்டும். முதல் வரி 0:00 என்றே தொடங்கவேண்டும். குறைந்தது மூன்று நேரங்களாவது ஏறுவரிசையில் இருத்தல் வேண்டும். எந்த அத்தியாயமும் பத்துச் செக்கனுக்குக் குறையலாகாது. இவற்றுள் ஒன்று பிழைத்தாலும் காணொளியின் ஓட்டக்கோடு அத்தியாயங்களாகப் பிரிந்து தோன்றாது. பிழை எங்கே என்று எவரும் சொல்லவும் மாட்டார்கள். நாமே வரிவரியாகத் தேடவேண்டியதுதான்.

ஸ்லைட் மாறும் நேரங்களைக் கண்ணாற் பார்த்துக் குறிப்பதிலும் கணினியைக் கொண்டு கண்டுபிடிப்பது எளிதென்று நண்பரொருவர் கூறி, பின்வரும் கட்டளையைத் தந்தார்.

```
ffmpeg -i lecture.mp4 -vf "select='gt(scene,0.1)',showinfo" -an -f null -
```

அடுத்தடுத்த இரு படச்சட்டங்களுக்கு இடையிலான வேறுபாட்டை இது பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட எண்ணாக அளந்து, 0.1 இலும் கூடிய இடங்களை மட்டும் காட்டும். திரைப்படக் காட்சி மாற்றங்களுக்கு 0.3 அல்லது 0.4 போதும் என்பர். ஆனால், ஒரே பின்னணியில் எழுத்து மட்டும் மாறும் ஸ்லைட்டுகளுக்கு எல்லையைத் தாழ்த்தவேண்டியிருக்கின்றது. விடையில் `pts_time` என்பதை அடுத்து வரும் எண்ணே செக்கன் கணக்கு. எடுத்துக்காட்டாக, 1122 என்று வந்தால் அதை அறுபதால் வகுத்து 18:42 என எழுதிக்கொள்ளவேண்டும்.

முப்பத்தொரு ஸ்லைட்டுகளுக்கு முப்பது மாற்றங்களே இருக்கவேண்டும். கணினியோ நாற்பத்துநான்கு காட்டியது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒரே ஸ்லைட்டில் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றியதால் பன்னிரண்டு மாற்றங்கள் மிகையாக வந்திருந்தன. கேள்வி நேரத்தில் விரிவுரையாளர் ஒரு ஸ்லைட் பின்சென்று மீண்டதால் இரண்டும், இறுதியில் ஸ்லைட்டுகள் மறைந்து அவர் முகம் திரையை நிறைத்ததால் ஒன்றும் கூடியிருந்தன. அதேவேளை, உண்மையான மாற்றம் ஒன்று விடுபட்டிருந்தது. பழுப்பேறிய முகப்புத் தாள்களின் படங்களைக் கொண்ட இரு ஸ்லைட்டுகள் அடுத்தடுத்து வந்தன. கணினிக்கு அவை ஒன்றாகவே தெரிந்துவிட்டன. ஸ்லைட்டுகளின் பட்டியலைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு நேரத்துக்கும் எதிரே ஸ்லைட்டின் எண்ணை எழுதியபோதுதான் இந்த விடுபாடு வெளிப்பட்டது. பட்டியல் இல்லாதிருந்தால், மிகையானவை கண்ணிற் பட்டிருக்கும். விடுபட்டது படாமலே போயிருக்கும்.

இனி நான் செய்த தவறுகள். முதலாவது தவறு மிக எளியது. நான் அளந்தது பதிவுக் கருவியிலிருந்து நேரே எடுத்த பிரதி. வெளியிடப்பட்டதோ, தொடக்கத்தில் அவையோர் அமரும் வரை காத்திருந்த இரண்டு நிமிடம் நாற்பது செக்கனை வெட்டிய பிரதி. ஆகவே எனது நேரங்கள் யாவும் 2:40 பிந்தியிருந்தன. தலைப்பைத் தொட்டவர்கள் பேச்சின் நடுவிற் போய் விழுந்தார்கள். இத்தகைய பிழையை அறிவதற்கு முதல், இடை, கடை என மூன்று இடங்களைச் சோதித்தாற் போதும். மூன்றிலும் பிழை ஒரே அளவாயின் வெட்டு தொடக்கத்தில் நிகழ்ந்தது; எல்லா நேரங்களிலிருந்தும் அவ்வளவைக் கழித்துவிடலாம். முதலிடம் சரியாயிருந்து மற்றவை பிழைத்தால் வெட்டு நடுவில் எங்கோ உள்ளது. அவ்விடத்தைக் கண்டு, அதன் பின்வருவனவற்றை மட்டும் திருத்தவேண்டும். நான் வெளியிடப்பட்ட பிரதியை எடுத்து முதலிலிருந்து மீண்டும் அளந்தேன். இக்கட்டுரையில் வரும் நேரங்கள் அப்பிரதிக்கு உரியவை.

இரண்டாவது தவறு சற்று நுண்ணியது. பதினோராவது ஸ்லைட் 18:42 இல் தோன்றுகின்றது. சி. வை. தாமோதரம்பிள்ளை 1885 ஆம் ஆண்டு பதிப்பித்த தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் முகப்பு அது. அதை ஓர் அத்தியாயத்தின் தொடக்கமாகக் குறித்தேன். பின்னர் அவ்விடத்திலிருந்து கேட்டுப் பார்த்தபோது, “...என்பதனாலேதான் அவர் இதிற் கைவைத்தார்” என்ற அரை வாக்கியம் காதில் விழுந்தது. எதனாலே என்பது தெரியவில்லை. பின்னோக்கிச் சென்றால், 18:19 இல் “இனி 1885 ஆம் ஆண்டுக்கு வருவோம்” என்று அவர் தொடங்கியிருக்கின்றார். பேசுபவர் மனம் அடுத்த பொருளுக்குச் சென்ற பின்னரே கை பொத்தானை அழுத்துகின்றது. இவ்விடத்தில் இடைவெளி இருபத்துமூன்று செக்கன். வேறிடங்களில் மூன்று அல்லது நான்கு செக்கனே. ஆகவே, ஒரு மாறா அளவைக் கழித்து இதனைத் திருத்த இயலாது. ஸ்லைட் மாறும் நேரம் தேடவேண்டிய இடத்தையே காட்டும். அங்கிருந்து அரை நிமிடம் பின்சென்று, புதிய பொருளைத் தொடங்கும் வாக்கியத்தின் முதற்சொல்லைக் கேட்டு, அந்நேரத்தையே எழுதவேண்டும்.

இவற்றைத் திருத்தி, முப்பத்தொரு ஸ்லைட்டுகளை ஏழு அத்தியாயங்களாகத் தொகுத்துப் பட்டியலை வெளியிட்டேன். மூன்றாம் நாள் விரிவுரையாளர் என்னை அழைத்தார்.

“தம்பி, நீர் எழுதின பட்டியலைப் பார்த்தேன். நேரமெல்லாம் சரி. ஆனால், நான் காட்டின படங்கள்தான் அதில் இருக்கின்றன. நான் சொன்ன விஷயம் இல்லையே” என்றார்.

“எந்த விஷயம் சேர்?” என்றேன்.

“அதை நான் சொல்லக்கூடாது. பதினோராவது ஸ்லைட் எவ்வளவு நேரம் நின்றது என்று பாரும்.”

அறைக்கு வந்து பார்த்தேன். பதினோராவது ஸ்லைட் 18:42 இல் வந்து 31:05 வரை, பன்னிரண்டு நிமிடத்துக்கு மேலாக, அசையாமல் நின்றிருந்தது. ஏனைய ஸ்லைட்டுகள் ஒவ்வொன்றும் சராசரி ஒன்றரை நிமிடமே நின்றவை. நான் அந்த இடைவெளியைப் பொருட்படுத்தவில்லை. ஸ்லைட் மாறவில்லை, ஆகவே பொருளும் மாறவில்லை என்று கொண்டுவிட்டேன். அன்றிரவுதான் அப்பன்னிரண்டு நிமிடங்களையும் முழுமையாகக் கேட்டேன்.

1885 ஆம் ஆண்டுப் பதிப்பு நச்சினார்க்கினியர் உரையுடன் கூடியது என்றே வெளிவந்தது. ஆனால், மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் என்னும் பின்னான்கு இயல்களுக்கும் அதில் அச்சான உரை பேராசிரியருடையது என்பதைப் பின்வந்த ஆராய்ச்சியாளர் நிறுவினர். சிதைந்த ஏடுகளைத் தேடித் தொகுத்து, பெரும்பாலும் தனிமுயற்சியாகவே அச்சேற்றிய ஒருவர் இவ்விடத்தில் எங்ஙனம் தவறினார், உரையின் நடையையும் மேற்கோளையும் கொண்டு அத்தவறு எங்ஙனம் புலப்பட்டது, அதனால் அவர் பதிப்பின் பெறுமதி குறையுமா என்பனவே விரிவுரையாளர் அன்று ஆராய்ந்தவை. 22:50 இல் தொடங்கும் அப்பகுதிதான் விரிவுரையின் உயிர். அதற்கு அவர் ஸ்லைட் எதுவும் தயாரிக்கவில்லை. தயாரிக்கத் தேவையுமில்லாத அளவுக்கு அது அவருக்குப் பழக்கமான பொருள். எனது முதற் பட்டியலைப் பார்த்து வந்த ஒரு மாணவர், “1885 பதிப்பின் முகப்பு” என்ற தலைப்பைக் கண்டு, அது வெறும் படவிளக்கம் என்றெண்ணித் தாண்டிச் சென்றிருப்பார்.

தலைப்புகளையும் மீண்டும் எழுதினேன். ஸ்லைட்டுகளில் இருந்தவை “பதிப்பு வரலாறு”, “பதிப்பு வரலாறு (தொடர்ச்சி)” போன்றவை. விரிவுரை மண்டபத்தில், முன்னதைக் கேட்டவருக்குத் “தொடர்ச்சி” என்பது போதும். பட்டியலில் அதைத் தனியே காண்பவருக்கு அது எதையும் உணர்த்தாது. மேலும், கைத்தொலைபேசியின் சிறிய திரையில் நீண்ட தலைப்பின் வால் வெட்டுண்டு போகும். எனவே, வேறுபடுத்தும் சொல் முன்னே வரவேண்டும். திருத்திய பட்டியல் இது.

```
0:00 ஏட்டுச் சுவடிகளின் நிலை
7:05 நாவலரின் அச்சகம், 1849
12:40 சேனாவரையர் உரைப் பதிப்பு, 1868
18:19 பொருளதிகாரப் பதிப்பு, 1885
22:50 பின்னான்கு இயல்களின் உரை யாருடையது?
31:02 கலித்தொகையும் சிந்தாமணியும், 1887
41:15 பாடவேறுபாடுகளைக் காட்டும் முறை
49:30 கேள்வியும் பதிலும்
```

ஐந்தாவது வரிக்குரிய ஸ்லைட் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க. ஏழாவது வரியின் கீழோ ஒன்பது ஸ்லைட்டுகள் அடங்குகின்றன. அவற்றுக்குத் தனித்தனியே நேரம் எழுதியிருந்தால், விரிவுரையின் எட்டு நிமிடம் பட்டியலின் பாதியை நிறைத்திருக்கும். அதுவே முதன்மையான பகுதி என்ற மயக்கமும் உண்டாகியிருக்கும். ஸ்லைட்டுகளின் வரிசையைக் கொண்டு அத்தியாயம் வகுப்போர் இரண்டு இடங்களை ஐயத்துடன் நோக்கவேண்டும் என்று இப்போது எண்ணுகின்றேன். ஒன்று, ஸ்லைட்டுகள் விரைந்தோடும் இடம். மற்றொன்று, ஒரே ஸ்லைட் நெடுநேரம் நிற்கும் இடம். முன்னதில் பல ஸ்லைட்டுகளுக்கு ஒரு பொருளும், பின்னதில் ஒரு ஸ்லைட்டுக்குப் பல பொருள்களும் இருத்தல் கூடும். நின்ற நேரங்களை வரிசையாக எழுதிப் பார்த்தால், கேட்பதற்கு முன்பே இவ்விரண்டும் தெரிந்துவிடும். ஆனால், அவற்றுள் என்ன இருக்கின்றது என்பது கேட்டாலன்றித் தெரியாது.

திருத்திய பட்டியலை விரிவுரையாளரிடம் காட்டினேன். ஐந்தாவது வரியை இருமுறை படித்தார்.

“அந்த முகப்பில் ஒரு பெயர் இருந்தது, உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். நீரும் முதலில் முகப்பைத்தான் அச்சடித்தீர், என்ன?” என்று கேட்டுச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. ஏடு ஏடாகத் தேடியலைந்து தவறிய ஒருவருடைய தவற்றுக்கும், பன்னிரண்டு நிமிடம் கேட்கச் சோம்பியவனுடைய தவற்றுக்கும் உள்ள தூரத்தை நான் அறிந்திருந்தேன்.