மறுத்த வேலை

கல்லூரிப் பணி போக எஞ்சும் மாலை வேளைகளில் நாம் மொழிபெயர்ப்பும் செய்வதுண்டு. ஒருமுறை பதிப்பாளர் ஒருவர் 200 பக்க நூலொன்றைத் தந்து, பக்கத்துக்கு 300 ரூபா என்றார். மொத்தம் 60,000 ரூபா! மனம் சபலப்பட்டது. எனினும் கணக்கிட்டுப் பார்த்தோம். மொழிபெயர்க்கவும் அச்சுப்பிழை திருத்தவும் பக்கமொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் செல்லும். ஆக, மணிக்கு 200 ரூபாவே. அந்நேரத்தில் மாணாக்கருக்குப் பாடஞ் சொன்னால் கிடைப்பதோ 400. ஆதலின், "பக்கத்துக்கு 600 ரூபாவுக்குக் குறைந்து இயலாது" எனக் கணக்கையும் எழுதி மறுத்துவிட்டோம். வீட்டில் இரண்டு நாள் முகங்கொடுத்துப் பேசுவாரில்லை.

மூன்று மாதங்கள் கழித்து அவரே வேறொரு நூலுடன் வந்தார். இம்முறை பேச்சு 300இல் தொடங்கவில்லை.

"தங்கள் 600இல் ஏதும் குறைக்கலாமோ?" என்றார்.

"பிழை திருத்தத்தை நீங்களே பார்த்துக்கொண்டால் கால் மணி நேரம் மிஞ்சும், 500 போதும்" என்றோம்.

இசைந்தார், பாதியை முற்பணமாகவும் தந்தார். வேலை குறைந்தது; மணிக்கூலி குறையவில்லை. முன்னர் 300க்கு உடன்பட்டிருப்பின், அதுவே நமது விலையாக நிலைத்திருக்கும்.

ஆயினும் ஒன்று: மாதச் சம்பளம் இருந்தமையாலன்றோ நாம் மறுக்கத் துணிந்தோம்! அஃதில்லாதவர் சில மாதச் செலவுக்குக் கையிருப்புத் தேடிய பின்னரே மறுத்தல் நன்று.