கல்லாவில் உறங்கியவர்

உறக்கத்துக்குத் தமிழில் சொற்கள் பல. அவற்றுள் ‘துஞ்சுதல்’ என்பது உறங்குவதையும் இறப்பதையும் ஒருங்கே குறிப்பது. என் தாய்மாமாவைப் பற்றி எழுதும்போது இச்சொல்லைத் தவிர்க்க முடியவில்லை.

கும்பகோணத்தை அடுத்த சிற்றூர் ஒன்றின் கடைத்தெருவில் மாமா மளிகைக் கடை நடத்துகிறார். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் அமர்ந்தபடியே உறங்கிவிடுவார். துவரம்பருப்பு நிறுக்கும்போது தராசைப் பிடித்த கை அப்படியே நிற்கும். தலை மார்பில் சாயும். ‘கும்பகர்ணன் கடை’ என்றால்தான் சிறுவர்களுக்கு வழி தெரியும். ஒருமுறை அவர் கண்ணயர்ந்திருந்தபோது யாரோ எடைக்கற்களை ஒளித்துவைத்துவிட்டு அரைமணி நேரம் வேடிக்கை பார்த்தார்கள். கடன் நோட்டில் எழுத மறந்த தொகைகள் தனிக்கணக்கு. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக எதிர்க்கடைக்கு நகர்ந்தார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், சாமான் வாங்க வரும்போதெல்லாம் ‘மடியின்மை’ அதிகாரத்தை எடுத்துரைப்பார். காலம் தாழ்த்துதல், மறதி, சோம்பல், துயில் ஆகிய நான்கையும் கெடுவார் விரும்பி ஏறும் மரக்கலம் என்கிறது 605ஆம் குறள். வள்ளுவர் பேசுவது நாமே தேர்ந்துகொள்ளும் துயிலை. ஆசிரியருக்கு அந்த வேறுபாடு தேவைப்படவில்லை. மாமாவும் மறுத்துப் பேசியதில்லை. தம்மைச் சோம்பேறி என்றே அவரும் நம்பியிருந்தார் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் வலிப்பது. இரவு ஒன்பதரைக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுபவனுக்குப் பகலிலும் தூக்கம் வந்தால் வேறென்ன பெயர்?

இரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரைகள் விழுங்கியும் குறையாததால், மருத்துவர் ஒருவர் அத்தையைப் பார்த்துக் கேட்டாராம்: “இவர் குறட்டை விடும்போது நடுவில் சத்தம் நின்றுபோகிறதா?”

“நிக்கும் டாக்டர். நான் மனசுக்குள்ள எண்ணுவேன். முப்பது, நாப்பது வரைக்கும் போகும். அப்புறம் தொண்டை அடைச்ச மாதிரி ஒரு பெரிய மூச்சு வரும். அதுக்கப்புறம்தான் நான் கண்ண மூடுவேன்.”

ஆண்டுக்கணக்காக அத்தை இரவில் எண்ணிக்கொண்டிருந்தது அன்றுதான் குடும்பத்துக்குத் தெரிந்தது. அதை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

தஞ்சாவூர் மருத்துவமனை ஒன்றில் மாமாவை ஓர் இரவு படுக்கவைத்தார்கள். தலையில் மின்கம்பிகள், மூக்கடியில் மெல்லிய குழாய், மார்பிலும் வயிற்றிலும் பட்டைகள், விரல் நுனியில் ஆக்சிஜன் அளக்கும் கவ்வி. மறுநாள் வந்த அறிக்கையை நானும் படித்தேன். ஆறு மணி நேர உறக்கத்தில் 276 முறை மூச்சு நின்றோ வெகுவாகக் குறைந்தோ இருக்கிறது, மணிக்கு 46. முப்பதைத் தாண்டினாலே கடுமையான நிலையாம். மிக நீண்ட நிறுத்தம் 48 விநாடி. 95க்கு மேல் இருக்கவேண்டிய ஆக்சிஜன் அளவு 72 வரை இறங்கியிருந்தது.

நோயின் பெயர் ஸ்லீப் ஆப்னியா, உறக்கத்தில் மூச்சுத்தடை. உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாவின் அடிப்பகுதி பின்சரிந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்கிறது. மார்பும் வயிறும் இழுத்துப் போராடுகின்றன. காற்று மட்டும் போவதில்லை. ஆக்சிஜன் குறைந்ததும் மூளை அவரை ஒரு கணம் உலுக்கி எழுப்புகிறது. பாதை திறக்கிறது, மீண்டும் உறக்கம். அந்த விழிப்பு எதுவும் நினைவில் நிற்காது. ஆகவே எட்டரை மணி நேரம் படுத்திருந்தும் ஆழ்ந்த உறக்கம் கிட்டுவதில்லை. காலைத் தலைவலி, வறண்ட வாய், இரவில் மூன்று நான்கு முறை சிறுநீருக்கு எழுதல், மறதி எல்லாம் இதன் கிளைகள். பருமனானவர்களுக்கே வரும் என்பது பொது எண்ணம். மாமா அப்படியொன்றும் பருமனானவர் அல்லர். கழுத்து குட்டை, கீழ்த்தாடை சற்று உள்வாங்கியது. அதுவும் போதுமாம்.

மாமாவுக்கு மருந்து மாத்திரை தரவில்லை. சீபாப் என்ற சிறு இயந்திரம் காற்றை மெல்லிய அழுத்தத்தோடு முகமூடி வழியே செலுத்தி, தொண்டை மூடாமல் தாங்கிப் பிடிக்கிறது. போட்டிருக்கும் இரவுக்கு மட்டுமே பயன். கழற்றினால் பழைய கதைதான். முதல் வாரம் மாமா நள்ளிரவில் அதைப் பிடுங்கி எறிந்தார். வாய் திறந்துகொண்டதால் காற்று வெளியேறியது. வாயையும் மூடும் வேறு முகமூடி மாற்றினார்கள். மின்வெட்டுக்கு அஞ்சி இன்வெர்ட்டர் வாங்கியதில் ஒரு பருவத்துச் சரக்குப் பணம் போயிற்று.

மூன்றாம் வாரத்தில் ஒரு பிற்பகல் தொலைபேசியில் அழைத்து, “டேய், மணி மூணாகுது, நான் முழிச்சிருக்கேன்டா” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

தமிழாசிரியர் இப்போதும் வெல்லம் வாங்க வருகிறார். குறள் மட்டும் நின்றுவிட்டது. எதிர்க்கடைக்குப் போனவர்களில் சிலர் திரும்பினார்கள், பலர் திரும்பவில்லை. அத்தைக்குப் பழக்கம் விடவில்லை. இரண்டு மணிக்கு விழித்து, இயந்திரத்தின் சீரான இரைச்சலைச் சற்றுநேரம் கேட்டுவிட்டுப் படுக்கிறார். கல்யாணங்களுக்குப் போனால் மாமா அந்த இயந்திரத்தை மஞ்சள் பையில் தூக்கிக்கொண்டு, மண்டபத்தில் பிளக் பாயின்ட் இருக்கும் சுவரோரமாகப் பாய் விரிக்கிறார்.