இரண்டு காரணி வந்தால் இரண்டு குணமா?

கலாசாலையில் படித்த காலத்தில் ஓர் ஒப்படையில் நான் விட்ட பிழையைச் சொல்கிறேன். வினாக்கொத்து வைத்து ஆய்வு செய்யும் ஆசிரியர்களுக்கு உதவலாம்.

ரோசன்பேர்க் 1965இல் வெளியிட்ட சுயமதிப்பு அளவீட்டில் 10 கூற்றுகள் உண்டு. ஐந்து தன்னைப் பற்றி நல்லதாகவும், ஐந்து குறைவாகவும் பேசும். குறைவாகப் பேசும் ஐந்துக்கும் புள்ளியைத் திருப்பிப் போட்டு மொத்தத்தைக் கூட்டுவார்கள். அதாவது அளப்பது ஒரே குணம். ஆனால் எந்தக் கூற்று எதனோடு சேர்கிறது என்று தேடிப் பார்க்கும் காரணிப் பகுப்பாய்வில், பல ஆய்வுகளில் இரண்டு காரணிகள் வந்தன. நானும் அவற்றுக்கு 'சுயமதிப்பு', 'சுயஇகழ்ச்சி' என்று பெயர் வைத்து, பிள்ளைகளிடம் இரண்டு குணங்கள் இருப்பதாக எழுதிவிட்டேன்.

விரிவுரையாளர் சேர் ஒன்றுதான் கேட்டார். "இரண்டாவது காரணியில் சேர்ந்த ஐந்தையும் சத்தமாக வாசிங்க டீச்சர்."

வாசித்தேன். ஐந்தும் எதிர்மறைக் கூற்றுகள். அவற்றைச் சேர்த்தது குணமல்ல, வசன அமைப்பு.

"உறுதிப்படுத்தும் பகுப்பாய்விலும் இரண்டு காரணி மாதிரிதானே நன்றாகப் பொருந்துது சேர்?" என்று கேட்டேன். பொருந்தும்தான். ஆனால் ஒரே காரணியை வைத்து, எதிர்மறைக் கூற்றுகளின் வழுக்கள் ஒன்றோடொன்று தொடர்புபட அனுமதித்தாலும் மாதிரி நன்றாகவே பொருந்தும். CFI 0.95ஐத் தாண்டியது, RMSEA 0.06இற்குக் கீழே வந்தது என்பதெல்லாம் 'இந்த மாதிரி தரவோடு ஒத்துப்போகிறது' என்று மட்டுமே சொல்லும். வேறு மாதிரி ஒத்துப்போகாது என்று சொல்லாது. தேடிய அதே பிள்ளைகளின் விடைகளிலேயே உறுதிப்படுத்தினால் அதுவும் கிடையாது. உடுப்பை அளந்து தைத்தவருக்கே போட்டுப் பார்ப்பது போலத்தான். வேறொரு மாதிரிக் குழு வேண்டும்.

அப்படியென்றால் எப்படிக் கண்டுபிடிப்பது? வெளியே பார்க்க வேண்டும். புள்ளியைத் திருப்பிய பிறகு இரண்டு காரணிகளும் பரீட்சைப் புள்ளியோடும் மனச்சோர்வோடும் ஏறத்தாழ ஒரே அளவில் தொடர்புபட்டால், இரண்டு குணங்கள் என்று சொல்ல ஆதாரம் போதாது. வெவ்வேறு விதமாகத் தொடர்புபட்டால் பெயர் வைப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

எனக்கு இது வெறும் கணக்கு இல்லை. சிறு பிள்ளைகளில், வாசிப்பில் பின்தங்கியவர்கள் எதிர்மறைக் கூற்றுகளில் தடுமாறுகிறார்கள் என்று மார்ஷ் 1986இல் காட்டினார். 'பெருமைப்பட ஒன்றுமில்லை' என்ற கருத்துக்கு 'உடன்படவில்லை' என்று அடையாளமிட, பிள்ளை இரண்டு 'இல்லை'களை அவிழ்க்க வேண்டும். என் தரம் 6 வகுப்பில் அதில் சறுக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களைத்தான் நான் தங்களையே இகழ்பவர்கள் என்று எழுதியிருப்பேன்.

ஒப்படையைத் திருத்திக் கொடுத்தேன். இப்போது காரணி அட்டவணை எதைப் பார்த்தாலும், சுமை எண்களுக்கு முன் கூற்றுகளைத்தான் வாசிக்கிறேன்.