இன்னிக்கு எங்களுக்கு 25 வருஷம்

வழக்கமா நாங்க இங்க பதிவு போட்டா, வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குக் காய் வெட்ட ஆள் வேணும், இல்லாட்டி ரெண்டு பெரிய அண்டாவை யாரோ எடுத்துட்டுப் போய் இன்னும் திருப்பித் தரல என்கிற விஷயமா இருக்கும். இன்னிக்கு அது இல்ல. 2000-ஆம் ஆண்டு ஆவணி மாசம் இதே கோயில் மண்டபத்துலதான் எங்க கல்யாணம் நடந்துச்சு. இன்னியோட 25 வருஷம். வீட்டுக்காரிக்கு நாலு வார்த்தை எழுதணும். நேர்ல சொல்ல வாய் வரல, அதான் எல்லார் முன்னாலயும் எழுதுறோம்.

"நீங்க ரெண்டு பேரும் எப்படிக் கோயில் தொண்டுக்கு வந்தீங்க?"ன்னு புதுசா வர்ற பிள்ளைங்க கேப்பாங்க. "அம்மா கூப்பிட்டா, வந்துட்டோம்"னு சொல்லி இத்தனை வருஷம் சமாளிச்சாச்சு. உண்மைக் கதை வேற. எழுதலாமான்னு அவகிட்ட கேட்டோம். "எழுதுங்க, ஆலோங் கதையையும் சேத்து எழுதுங்க. பையனுங்க படிக்கட்டும்"னு சொல்லிட்டா.

சரி மா, இனி உனக்குத்தான்.

2009 ஆரம்பம் ஞாபகம் இருக்கா? உலகம் பூரா பொருளாதாரம் சரிஞ்ச நேரம். பிறைப் பக்கம் இருந்த எலக்ட்ரானிக் ஃபேக்டரிகள்ல ஆர்டர் இல்ல. நம்ம கம்பெனியில ஆளை நிறுத்தல, ஓவர்டைமை நிறுத்திட்டாங்க. வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு "வேலை இருக்குல்ல, அப்புறம் என்ன"ன்னு தோணும். ஃபேக்டரிக்காரன் வீட்டுக்குத்தான் அது புரியும். அடிப்படைச் சம்பளம் 950 வெள்ளி. ஓவர்டைம், நைட் ஷிப்ட் அலவன்ஸ் எல்லாம் சேந்துதான் 1,500, 1,600-ன்னு கைக்கு வரும். வீட்டுக் கடன், மோட்டார் கடன், பெரியவனோட பள்ளிப் பஸ் எல்லாம் அந்த 1,600-ஐ நம்பிப் போட்ட கணக்கு. ஒரே மாசத்துல அது 800 சொச்சமா இறங்கிடுச்சு.

அப்ப உன் வீட்டுக்காரர் என்ன செஞ்சாரு? சம்பளச் சீட்டை மோட்டார் சீட்டுக்கு அடியில ஒளிச்சு வச்சாரு. வீட்டுக் கடன் ரெண்டு மாசம் கட்டல. அதுவும் பத்தாதுன்னு ஒரு ஆலோங்கிட்ட ஆயிரம் வெள்ளி வாங்கினாரு. கையில குடுத்தது 900 தான். முதல் வார வட்டி நூறை அங்கயே பிடிச்சுக்கிட்டான். அதுக்கப்புறம் வாரா வாரம் நூறு. அது வெறும் வட்டி, முதல் அப்படியே நிக்கும். நாலு வாரத்துல 400 வெள்ளி போயும் கடன் ஆயிரம் ஆயிரமாவே இருந்துச்சு. கம்பெனியில ரிஜெக்ட் கணக்கு எழுதுற கைக்கு இந்தக் கணக்கு தெரியாதா? தெரியும். பயந்த மனுசனுக்குக் கணக்கு ஓடாது மா.

நீ கண்டுபிடிச்சது மழைக்கோட்டை எடுக்க மோட்டார் சீட்டைத் தூக்குனப்ப. சண்டை வரும்னு நெனச்சோம். நீ அந்தச் சீட்டை மடிச்சு எடுத்துட்டுப் போய், சோத்தைப் போட்டு, பிள்ளைங்களைத் தூங்க வச்சிட்டு வந்துதான் "மொத்தம் எவ்வளவு?"ன்னு கேட்ட. ஒரே கேள்வி. சொன்னதும் உள்ள போயிட்டு வந்த. கழுத்துல மஞ்சக் கயிறு, கையில தாலிச் சங்கிலி. தாலியைக் கழட்டிக் கயித்துல கோத்துட்டு, சங்கிலியை மட்டும் ஒரு கைக்குட்டையில முடிஞ்சு வச்சிருந்த. "தாலி என்கிட்டதான் இருக்கு. இது வெறும் தங்கம். நாளைக்குப் போலாம்"னு சொன்ன.

மறுநாள் அடகுக் கடையில நாம ரெண்டு பேரும் கம்பிக்கு முன்னால நின்னோம். அஞ்சு பவுன், 40 கிராம். கிராமுக்கு 65 வெள்ளி போட்டு 2,600 குடுத்தாங்க. வட்டி மாசம் நூத்துக்கு ரெண்டு, அதாவது 52 வெள்ளி. ஆறு மாசத்துல மீக்கணும், இல்லாட்டி வட்டியைக் கட்டிச் சீட்டை மாத்தணும். ரெண்டும் செய்யலைன்னா ஏலத்துக்குப் போயிடும். வெளிய வந்ததும் நீ அடகுச் சீட்டைப் பிரிச்சு, ஆகஸ்ட் மாசத் தேதியைக் காலண்டர்ல வட்டம் போட்டு வைக்கணும்னு சொன்ன. அப்படியே நேரா போய் ஆலோங் கணக்கை முடிச்சோம். மிச்சத்துல வீட்டுக் கடன் பாக்கி போச்சு.

அப்புறம்தான் மாவு. உங்க அம்மா கல்யாணத்துக்குக் குடுத்த கிரைண்டர், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் ஓடிக்கிட்டிருந்தது, வாரத்துல மூணு ராத்திரி ஓட ஆரம்பிச்சுது. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு கரண்டி வெந்தயம். ஒரு கிலோ பொட்டலம் ரெண்டரை வெள்ளி. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 90 காசு நிக்கும். நைட் ஷிப்ட் முடிஞ்சு ஏழே காலுக்கு வந்தா பொட்டலம் எல்லாம் கட்டி ரெடியா இருக்கும். பசியாறுறதுக்கு முன்னாலயே மோட்டார்ல வச்சு ஃபிளாட் ஃபிளாட்டாப் போட்டுட்டு வரணும்.

முதல் வாரம் நடந்த கூத்தை இங்க சொல்லியே ஆகணும். நீ பையை வாய் வரைக்கும் ரொப்பி ரப்பர் போட்டு இறுக்கிக் கட்டிட்ட. அன்னிக்குப் பாத்து ஷிப்ட் முடிய லேட்டு. ஒன்பதரை மணி வெயில், மோட்டார் கூடையில மாவு உப்பிக்கிட்டே வந்து, சிவப்பு விளக்குல நிக்கும்போது ரெண்டு பை டப்புன்னு வெடிச்சுது. சட்டை, ஹெல்மெட், பக்கத்துல நின்ன சீனக் கிழவரோட மோட்டார் வரைக்கும் மாவு. அவர் விரல்ல தொட்டு மோந்து பாத்துட்டு "தோசை?"ன்னு கேட்டாரு. அதுக்கப்புறம் முக்கால் பை மட்டும் ரொப்பி, மேல இடம் விட்டுக் கட்டினோம். பொங்குறதுக்கு முன்னாலயே கட்டி, எட்டு மணிக்குள்ள குடுத்து முடிக்கிறதுன்னு ஏற்பாடு. வாரத்துக்கு 75 பொட்டலம் போச்சு. மைலோ டின்ல காசு சேந்துச்சு, பாதி டின் வீட்டுச் செலவுக்கே போனாலும்.

மாவு வேலை கஷ்டம் இல்ல மா. உனக்கு எது கஷ்டமா இருந்துச்சுன்னு வைகாசியிலதான் தெரிஞ்சுது, உன் சித்தி மக கல்யாணத்துல. பந்தியில உக்காந்திருக்கும்போது உங்க பெரியத்தை சத்தமா, "ஏண்டி, சங்கிலி எங்க?"ன்னு கேட்டாங்க. எதிர் வரிசையில இருந்த நமக்குச் சோறு இறங்கல. நீ இலையில இருந்து கண்ணைக் கூட எடுக்காம, "ஆத்தாளுக்கு வேண்டுதல் அத்தை. ஆடி முடியிற வரைக்கும் மஞ்சக் கயிறுதான்"னு சொல்லிட்ட. அவங்களும் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க.

வர்ற வழியில மோட்டார்ல பின்னால உக்காந்து அழுத. கடனுக்காக இல்ல. "ஆத்தா பேரைச் சொல்லிப் பொய் சொல்லிட்டேன்"னு. வீட்டுக்குப் போகல, கோயிலுக்குப் போகச் சொன்ன. நடை சாத்துற நேரம். உள்ள போய்க் கும்பிட்டுட்டு நேரா மடப்பள்ளிக்குப் போனவ, அங்க இருந்த பாட்டிகிட்ட, "ஆடி முடியிற வரைக்கும் வெள்ளிக்கிழமை வந்து சமைக்கிறேன்"னு சொல்லிட்டு வந்த. சொன்ன பொய்யை வேண்டுதலாவே ஆக்கிட்டா சரியாப் போயிடும்னு உன் கணக்கு. உன்னைக் கொண்டுவந்து விட்டுட்டு வெளிய சும்மா நிக்க வெக்கமா இருந்துச்சு, அதனால இந்த மனுசனும் வெங்காயம் உரிக்க உக்காந்தாரு. இதான் நாம தொண்டுக்கு வந்த கதை. பெரிய பக்தி எல்லாம் அப்ப இல்ல.

ஆடி முடிஞ்சுது, சங்கிலி வரல. ஆகஸ்ட்ல மைலோ டின்னைக் கொட்டி எண்ணினோம். அம்பது காசும் இருபது காசுமா ஆறு மாச வட்டி 312 வெள்ளி தேறுச்சு. கட்டிச் சீட்டை மாத்தினோம். அத்தைக்கு மறுபடி பதில் சொல்லணுமே? "தைப்பூசம் வரைக்கும் நீட்டிட்டேன்"னு சொல்லிட்ட. மடப்பள்ளியிலயும் அதையே சொல்லிட்ட.

செப்டம்பர்ல ஓவர்டைம் திரும்ப வந்துச்சு. நாலு மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை கூட விடாம போயி, டிசம்பர் கடைசியில 2,600-உம் நாலு மாச வட்டி 208-உம் கட்டி மீட்டோம். வீட்டுக்கு வந்ததும் போட்டுக்கோன்னு நீட்டினா, நீ வாங்கி அரிசி டிரம்முக்குள்ள வச்சு மூடிட்ட! "தைப்பூசம்னு ஆத்தாகிட்ட சொல்லிட்டேன்ல." அதுக்கு இன்னும் ஒரு மாசம் இருந்துச்சு. பத்து மாசம் வெயில்லயும் மழையிலயும் அலைஞ்சு மீட்ட சங்கிலி அரிசிக்குள்ள, உன் கழுத்துல சாயம் போன கயிறு. அன்னிக்குக் கோவம் வந்துச்சு மா, இப்ப ஒத்துக்கிறோம்.

2010 ஜனவரி 30, தைப்பூசம். பால்குடம் எடுத்துட்டு வந்து, ஈரத் துணியோட சன்னதியில நின்னு, கழுத்தை நீட்டின. சங்கிலியைப் போட்டு விடும்போது இந்தக் கை நடுங்குச்சு. கல்யாணத்தன்னிக்கு நடுங்கல. கொக்கி மாட்ட வரல, பூசாரி சிரிச்சிட்டாரு. அன்னிக்கே "மன்னிச்சிடு"ன்னு சொல்லணும்னு நெனச்சது, கூட்டத்துல சொல்ல முடியல. அப்புறம் சொல்ல நேரமே வரல. 15 வருஷம் ஓடிப் போச்சு.

மன்னிச்சிடு மா. சங்கிலிக்காக இல்ல. அந்தச் சீட்டை ஒளிச்சு வச்சதுக்கு.

பையனுங்க ரெண்டு பேரும் மண்டபம் எடுத்து விருந்து வைக்கலாம்னு கேட்டாங்க. நீ வேண்டாம்னுட்ட. அதனால உறவுகளே, வர்ற வெள்ளிக்கிழமை அன்னதானம் எங்க உபயம். சாம்பார், ரசம், ரெண்டு பொரியல், பாயசம். பூசை முடிஞ்சதும் பந்தி. எல்லாரும் குடும்பத்தோட வாங்க. காய் வெட்ட ஆள் வேணும், மத்தியானம் மூணு மணிக்கு (இதைக் கேக்காம எங்களுக்குப் பதிவு முடிக்கத் தெரியாது). அண்டா வச்சிருக்கிறவங்க அன்னிக்காவது கொண்டுவந்துடுங்க.

மா, கடைசிப் பந்தியில பக்கத்துல ஒரு இலை போட்டு வைக்கிறோம். பரிமாறிட்டு நின்னுக்கிட்டே சாப்பிடாம, அன்னிக்கு மட்டும் உக்காரு.