தந்துடும்மா

2023ஆம் வருஷம் ஜூலை மாசம், விழுப்புரத்தில் என்னோடு ஒரே வீட்டில் குடியிருந்த பெண்ணுக்கு ஒரு மெசேஜ் எழுதினேன். கரண்ட் பில்லில் அவள் பங்கைக் கேட்கிற மெசேஜ். ஆறு வரிதான். அதை எழுத எனக்கு மூணு நாள் ஆச்சு. எழுதியும் அனுப்பவில்லை. ஒரு பேப்பரில் எடுத்து எழுதிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்துக்கு பஸ் ஏறினேன். எங்க காலனியிலிருந்து முதன்முதலாகப் படித்து தமிழாசிரியர் ஆன டீச்சர் அங்கேதான் இருக்கிறார். எனக்கு ஆறாம் வகுப்பு இலக்கணம் நடத்தியவர். இப்போது ரிட்டயர்டு.

நான் எழுதியிருந்தது இது:

"வணக்கம்ங்க. தொந்தரவுக்கு மன்னிக்கணும். கரண்ட் பில் வந்திருந்தது. நான் கட்டியிருந்தேன். 2270 ரூபா. உங்களால முடிஞ்சத குடுத்தீங்கன்னா உதவியா இருக்கும். தப்பா நெனைக்காதீங்க."

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "இன்னா, கடன் கேக்கறியா, கணக்கு கேக்கறியா?" என்றார்.

"கணக்குதான் டீச்சர்."

"அப்ப மொதல்ல கணக்கச் சொல்லு. அப்பறம் தமிழப் பாக்கலாம்."

சொன்னேன். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மீட்டர். ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை ஈபிக்காரர் வந்து ரீடிங் எடுப்பார். எப்போதும் ஐந்நூறு யூனிட்டுக்குள்தான் வரும், ஆளுக்குப் பாதி போட்டுக்கொள்வோம். மே மாசம் வெயில் தாங்காமல் அவள் ஒரு ஏர்கூலர் வாங்கி தன் ரூமில் வைத்தாள். அந்த முறை 540 யூனிட் வந்தது.

அப்போது இருந்த கட்டணத்தில் ஐந்நூறு என்பது ஒரு வரப்பு மாதிரி. அதுக்குள் நின்றால் முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு 2 ரூபா 25 பைசா, அதுக்கு மேல் 400 வரை 4 ரூபா 50 பைசா, 500 வரை 6 ரூபா. வரப்பைத் தாண்டினால், தாண்டின யூனிட்டுக்கு 8 ரூபா என்பதோடு போகாது. 2.25க்குக் கிடைத்த அந்த நூறு யூனிட்டும் 4.50 ஆகிவிடும். ஒரே ஒரு யூனிட் கூடினாலும் பின்னால் போய் 225 ரூபாயைச் சேர்த்துப் பிடுங்கும். அப்படித்தான் 300 யூனிட்டுக்கு 1350, அடுத்த நூறுக்கு 600, கடைசி நாற்பதுக்கு 320 என்று மொத்தம் 2270 ஆனது.

கூலரின் பின்பக்கம் 180 வாட் என்று போட்டிருந்தது. ராத்திரிக்குப் பத்து மணி நேரம், முப்பது ராத்திரி ஓடியிருக்கும். 54 யூனிட். அதைக் கழித்தால் 486. அதுக்கு பில் 225, 900, 516 ஆக 1641தான். 54 யூனிட் 629 ரூபாயை இழுத்துவிட்டது. யூனிட் பதினொரு ரூபாய்க்கு மேல்.

"இவ்ளோ கணக்கு மனசுல வச்சிகினு, முடிஞ்சத குடுங்கன்னு எழுதறே" என்றார் டீச்சர். சிவப்புப் பேனாவை எடுத்தார்.

முதலில் காலத்தில் கைவைத்தார். 'வந்திருந்தது', 'கட்டியிருந்தேன்' ரெண்டையும் சுழித்தார். 'கட்டியிருந்தேன்' என்றால் எப்போதோ நடந்து முடிந்த சங்கதி. கேட்கிறவர் 'அப்பறம் என்ன ஆச்சு?' என்று கதை கேட்பார். "சரி, 'கட்டிட்டேன்'னு போடட்டுமா?" என்றேன். அதுவும் சரிப்படாது என்றார். 'கட்டிட்டேன்' வேலை முடிந்ததைச் சொல்கிறது. கட்டியாச்சா, நல்லது என்று போனைக் கவிழ்த்து வைத்துவிடலாம். 'கட்டியிருக்கேன்' என்று எழுதினால்தான் கட்டினது நேற்றாக இருந்தாலும் அதன் பாரம் இன்றைக்கும் என் தலையில் இருக்கிறது என்று ஆகும். "காசு இன்னும் கைக்கு வரல இல்ல? அப்ப இருக்குன்னு எழுது, இருந்துச்சின்னு எழுதாதே."

அடுத்து 'குடுத்தீங்கன்னா உதவியா இருக்கும்'. அந்த இடத்தில் டீச்சர் பேனாவை வைத்துவிட்டார். "இது யாரு பேசற மாதிரி இருக்கு தெரியுதா?" என்றார்.

எனக்கு உடனே தெரியவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் டீ போடப் போனார். அவர் உள்ளே போன பிறகு காதில் கேட்டது. எங்கம்மா குரல். மல்லாட்டை பறிக்கப் போய்விட்டு, சாயங்காலம் கூலிக்கு ஊர்த்தெருவில் வீட்டுக்குப் பின்பக்கம் நிற்பாள். நானும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கூலி குடுங்க என்று ஒருநாளும் அவள் கேட்டதில்லை. "அளந்து போட்டீங்கன்னா நல்லாருக்கும் ஆண்டே" என்பாள். போட்டீங்கன்னா. போடலன்னாலும் சரிதான் என்கிற வாசல் அந்த 'ன்னா'வில் திறந்தே இருக்கும். அந்த வாசல் வழியாகப் பல நாள் அவர்கள் உள்ளே போய்ப் படுத்திருக்கிறார்கள். நாளைக்கு வா என்று ஒரு சத்தம் மட்டும் வெளியே வரும். வேலை செய்த கூலியைத்தான் அம்மா கேட்டாள். நானும் அவள் எரித்த கரண்டுக்குத்தான் கேட்டேன். ரெண்டு பேரும் அதை உதவி என்றோம்.

டீ வந்தது. "தெரிஞ்சிதா?" என்றார். தலையாட்டினேன். 'உதவி', 'முடிஞ்சது', 'மன்னிக்கணும்', 'தப்பா நெனைக்காதீங்க' நாலையும் அடித்தார். இதெல்லாம் மரியாதை இல்லையா டீச்சர் என்று கேட்டேன். மரியாதை என்றால் ரெண்டு பக்கமும் போய் வரணும், அவ உனக்கு மெசேஜ் போடறப்ப என்னைக்காவது மன்னிக்கணும்னு ஆரம்பிச்சாளா என்றார். இல்லை. "அக்கா வரப்போ பால் வாங்கினு வா" என்றுதான் வரும்.

பிறகு 'குடு' என்ற சொல்லுக்கு வந்தார். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் எச்சவியலில் இருக்கிறதை ஆறாம் வகுப்பில் நடத்தின மாதிரியே சொன்னார். ஒரு பொருளைக் கேட்க மூணு சொல். ஈ என்பது தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்பது. தா என்பது சமமானவன் கேட்பது. கொடு என்பது உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் கேட்பது. கையேந்துகிற வாய்க்கும் அத்தனை காலம் முன்னாலேயே படி வைத்து அளந்திருக்கிறார்கள். இன்றைக்குப் பேச்சில் ஈ செத்துப்போச்சு, பிச்சைக்காரரும் குடுங்க என்றுதான் கேட்கிறார், அதனால் 'குடு' என்று எழுதினால் யாரும் அதிகாரம் என்று எடுக்கமாட்டார்கள் என்றும் அவரே சொன்னார். "ஆனா நீ எழுதினது குடு இல்ல. எழுத்துலதான் குடு. 'ன்னா'வும் உதவியும் சேந்து அது ஈ ஆயிடுச்சி. நடுவுல ஒண்ணு இருக்கு பாரு, தா. அத எடுத்துக்க."

எனக்கு அப்போது ஒரு வழி தோன்றியது. "'தரணும்'னு போடறேன் டீச்சர்."

அவர் சிரித்துவிட்டார். நான் ஏன் அந்தச் சொல்லைப் பிடித்தேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. 'தா' என்றால் நீ, 'தாங்க' என்றால் நீங்க. 'தரணும்' என்றால் ரெண்டும் இல்லை. வேணும் என்று முடிகிற சொல்லில் யார் எவர் என்று விகுதி காட்டாது. நீ தரணும், நீங்க தரணும், அவரு தரணும், எல்லாம் ஒன்றுதான். "நல்லா ஒளிஞ்சிக்கிற எடம்" என்றார். "ஆனா 'பங்கு'ன்னு எழுதறியே, அதுக்கு முன்னால உன்னா, உங்கவா?"

அதுதான் விஷயம். அவள் என்னைவிட மூணு வயசு சின்னவள். என்னை அக்கா, நீ, வா, போ என்பாள். அதில் குற்றமில்லை, கூடப்பிறந்தவளை அப்படித்தானே கூப்பிடுவோம். நான்தான் முதல் நாளிலிருந்து அவளை நீங்க, வாங்க என்றேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் ஊர்த்தெருப் பெண் என்று தெரிந்த உடனே வாய் தானாக அப்படி மடங்கியது. எங்க பாட்டி இடுப்பில் நிற்காத ஊர்ப்பிள்ளையைக்கூட வாங்க சின்னம்மா என்பாள். பாட்டியின் வாய் எனக்கும் வந்திருக்கிறது.

டீச்சர் அதைத் திருத்தவில்லை. "இது இலக்கணப் பிழை இல்ல. நான் சுழிக்க முடியாது. அவளும் உன்ன நீங்கன்னா நீயும் நீங்கன்னு சொல்லு. அவ நீன்னா உன் இஷ்டம்" என்று பேப்பரைத் திருப்பிக் கொடுத்தார். கணக்கில் மட்டும் ஒன்று சொன்னார். மொத்த பில்லையும் யூனிட்டால் வகுத்தால் ஒரு யூனிட் 4 ரூபா 20 பைசாதான் வருது, என் கூலருக்கு 227தான் ஆகும் என்று அவள் வாதாடலாம், அதிலும் நியாயம் இருக்கு என்றார். அதுக்கு என் பதில், கூலர் வருவதற்கு முன்னால் வந்த எந்த பில்லும் ஐந்நூறைத் தாண்டியதில்லை என்பது. அப்படியானால் கணக்கை மறைக்காமல் எழுதிவை, பேசட்டும் என்றார்.

விழுப்புரத்துக்குத் திரும்பும்போது பஸ்ஸிலேயே எழுதி அனுப்பினேன்:

"கரண்ட் பில் 2270 வந்திருக்கு. நான் கட்டியிருக்கேன். கூலர் இல்லாம இருந்தா 1641 வந்திருக்கும். அதுல பாதி 820 என்னோடது. மீதி 1450 உன் பங்கு. 10ஆம் தேதிக்குள்ள தந்துடும்மா. கணக்க பழைய பில்லுங்களோட ஃபிரிட்ஜ் மேல வைக்கறேன், பாத்துட்டு சொல்லு."

'தந்துடும்மா' என்று அடிக்கும்போது விரல் நின்றது. 'ம்மா' சின்னவளைக் கூப்பிடுகிற சொல். எங்கம்மா அந்தத் தெருவில் ஒருத்தியையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டின பிறகு அழுத்தினேன்.

பதில் வர ஒரு மணி நேரம் ஆனது. "சரிங்க அக்கா. 8ஆம் தேதி அனுப்பிடறேங்க." சொன்ன தேதியில் 1450 வந்தது. கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் அந்த 'ங்க' அதுக்கு முன்னால் அவளிடமிருந்து எனக்கு வந்ததில்லை. அடுத்த ஞாயிறு டீச்சரிடம் போனைக் காட்டினேன். மரியாதையா டீச்சர், இல்ல விலகிட்டாளா என்றேன். ரெண்டுக்கும் எழுத்து ஒண்ணுதான், வீட்டுல பால் வாங்கினு வரச் சொல்றப்ப எப்படிச் சொல்றான்னு பாரு என்றார்.

அதுக்கப்புறம் பத்து நாள் அவள் பால் வாங்கிவரச் சொல்லவில்லை. பதினோராம் நாள் மெசேஜ் வந்தது. "அக்கா, வரப்போ பால் வாங்கினு வரியா? காசு அனுப்பிட்டேன்."