பச்சைக் கட்டத்தை நம்பினேன்

பெங்களூரில் ஒரு லேஅவுட்டின் மழைநீர்க் கால்வாயில், பழுதில்லாத கான்கிரீட் தரையைக் கொத்தச் சொன்னவன் நான். ஆட்டோ லெவலில் கோளாறு இல்லை, ஸ்டாஃப் பிடித்த பையன்மேலும் தப்பில்லை. தவறு என் எக்செல் ஷீட்டில் இருந்தது. அந்த ஷீட்டைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டவனும் நான்தான்.

லெவலிங் பற்றிய ஒரு பேராசிரியரின் விரிவுரையை வீடியோவில் பார்த்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டு, அதையே லெவல் புக் வடிவத்தில் அமைத்தேன். பாயின்ட், செயினேஜ், பேக் சைட், இன்டர்மீடியட் சைட், ஃபோர் சைட், கருவியின் உயரம், ஆர்.எல்., குறிப்பு என்று எட்டுக் கட்டங்கள். ரீடிங்கை அடித்தால் ஆர்.எல். தானாக வரும். கீழே ஒரு சோதனைக் கட்டம் இருந்தது. பேக் சைட் கூட்டலிலிருந்து ஃபோர் சைட் கூட்டலைக் கழித்தால், கடைசி ஆர்.எல்லுக்கும் முதல் ஆர்.எல்லுக்கும் உள்ள வித்தியாசம் வரவேண்டும். வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு.

```
F4:  =G4+C4
G5:  =F4-D5-E5
F5:  =IF(C5="",F4,G5+C5)
சோதனை: =IF(ROUND(SUM(C4:C11)-SUM(E4:E11),3)=ROUND(G11-G4,3),"OK","CHECK")
```

ஃபார்முலாவில் இன்றுவரை பிழையில்லை. அந்த ROUND-ஐப் போடாமல் முதலில் திண்டாடினேன். தசம எண்களைக் கணினி உள்ளே வைத்துக்கொள்ளும் விதத்தால், சரியான கணக்குக்கும் சிவப்பு காட்டியது. அதைச் சரிசெய்த அன்று, ஏதோ பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்த நினைப்பு எனக்கு.

இனி கால்வாய்க்கு வருகிறேன். எண்களைப் படிக்க வசதியாகச் சற்றுச் சீராக்கித் தருகிறேன். டி.பி.எம். மட்டத்தை 100.000 என்று வைத்துக்கொண்டோம். அதில் பேக் சைட் 1.245, ஆகவே கருவியின் உயரம் 101.245. கால்வாய்த் தரையில் 0, 10, 20 மீட்டர்களில் ரீடிங் 1.330, 1.380, 1.430. முப்பதாவது மீட்டர் சேஞ்ச் பாயின்ட், ஃபோர் சைட் 1.480. கருவியை மாற்றி வைத்த பிறகு அங்கேயே பேக் சைட் 1.105. நாற்பதிலும் ஐம்பதிலும் 1.155, 1.205. அறுபதில் 1.255 என்று முடித்தோம். பத்து மீட்டருக்கு 50 மில்லிமீட்டர் சரிவு, அதாவது 200-க்கு 1. பேக் சைட் கூட்டல் 2.350, ஃபோர் சைட் கூட்டல் 2.735, வித்தியாசம் 0.385 இறக்கம். கடைசி ஆர்.எல். 99.615. கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது.

சைட்டில் ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு வந்து, ராத்திரி அறையில் உட்கார்ந்து ஷீட்டில் ஏற்றினேன். ஏற்றும்போது இருபதாவது மீட்டரில் 1.430-ஐ 1.340 என்று அடித்துவிட்டேன். அங்கே ஆர்.எல். 99.815-க்குப் பதில் 99.905 ஆனது. பத்தாவது மீட்டரைவிட இருபதாவது மீட்டர் 40 மில்லிமீட்டர் உயரம் என்று காட்டியது. கட்டமோ பச்சையாகவே இருந்தது.

இருக்கத்தான் செய்யும். அந்தச் சோதனையில் இன்டர்மீடியட் சைட்டுக்கு இடமே இல்லை. கூட்டலில் சேருவது பேக் சைட்டும் ஃபோர் சைட்டும் மட்டும். இதையாவது அறியாமை என்று சொல்லித் தப்பிக்கலாம். இன்னொன்றுக்கு அந்தச் சாக்கும் கிடையாது. கையால் கூட்டிக் கழித்த காலத்தில் மனிதனின் கணக்குப் பிழையைப் பிடிக்க வந்தது அந்தச் சோதனை. என் ஷீட்டில் ஆர்.எல்லைக் கணக்கிடுவதும் அதே பேக் சைட், ஃபோர் சைட் எண்களிலிருந்துதான். எந்த எண்ணை அடித்தாலும் இரண்டு பக்கமும் ஒன்றாகவே வரும். ரீடிங்கை விட்டுவிட்டாலோ, தப்பான கட்டத்தில் அடித்தாலோ, ஃபார்முலாவை யாராவது அழித்தாலோ, பக்கத்தை இன்டர்மீடியட் சைட்டில் முடித்தாலோதான் சிவப்பு வரும். ரீடிங் தப்பு என்றால் ஒருநாளும் வராது.

விரிவுரையாளர் இதைச் சொல்லியிருந்தார். கூட்டல் சரியா என்பதை மட்டுமே இந்தச் சோதனை காட்டும், களவேலை சரியா என்பதைக் காட்டாது என்றார். ரீடிங்கைப் பார்த்த இடத்திலேயே புத்தகத்தில் எழுத வேண்டும், அழிக்கக் கூடாது, தப்பானால் ஒரு கோடு அடித்து மேலே எழுத வேண்டும் என்றும் சொன்னார். கேட்டேன், நோட்டில் குறித்தும் வைத்தேன். ஷீட்டில் அதற்குக் கட்டம் இல்லை, அதனால் விட்டுவிட்டேன். துண்டுத்தாளை ராத்திரியே கசக்கிப் போட்டேன்.

மறுவாரம் மேஸ்திரியிடம் இருபதாவது மீட்டரில் மேடு இருக்கிறது, கொத்தி எடு என்றேன். அவர் கிருஷ்ணகிரிக்காரர்.

"சார், நூல் புடிச்சுப் பாத்தேன். இங்க மேடே இல்லையே?"

"மெஷின் சொல்லுது, நூல் சொல்றதையா நம்பறது?" என்றேன். மெஷின் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். ஆனாலும் அப்படிச் சொன்னேன். கொத்திய இடம் பள்ளமாகி, அடுத்த மழையில் தண்ணீர் தேங்கியது. மறுபடி கருவி வைத்துப் பார்த்தபோது ஸ்டாஃபில் தெரிந்த எண்ணைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. பூச்சு வேலைக்கான செலவை 'கூடுதல் பணி' என்று எழுதினேன். காரணத்தை எழுதவில்லை.

இதே பெங்களூரில் ஒரு பழைய கதை உண்டு. நில அளவையாளர் லாம்டன் 1802-இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் ஒரு அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக மேற்கே வந்தார். பெங்களூர் அருகே ஒரு கோட்டின் நீளத்தைக் கணக்கிலேயே பெற்றுவிடலாம். அவர் அதோடு நிற்கவில்லை, 1804-இல் அந்தக் கோட்டைத் தரையிலேயே அளக்க வைத்தார். ஏழு மைலுக்கு மேற்பட்ட நீளத்தில், கணக்குக்கும் அளவுக்கும் நாலு அங்குலம்கூட வித்தியாசமில்லை. அவர் செய்த சோதனை ஷீட்டுக்கு வெளியே, தரையில் இருந்தது. நான் செய்தது ஷீட்டுக்குள்ளேயே ஷீட்டைக் கேட்டுக்கொண்டது.

என் ஷீட்டை மாற்றினேன். ஏற்ற, இறக்கக் கட்டங்களைச் சேர்த்தேன். அவையும் தப்பான ரீடிங்கைப் பிடித்துவிடாது: 1.340 என்று அடித்தாலும் 0.040 ஏற்றமும் அதற்கடுத்து 0.140 இறக்கமும் சேர்ந்து மொத்தம் சரியாகவே வரும். ஆனால் வரிசையாக இறக்கம் வரவேண்டிய கால்வாயில் ஓர் ஏற்றம் தனியாக நிற்பது கண்ணில் படும். பச்சை நிறத்தை எடுத்துவிட்டேன். அறுபதாவது மீட்டரிலிருந்து டி.பி.எம்முக்குத் திரும்பி வரும் வரிகளையும் போட்டேன். திரும்பும்போது கருவியை வேறு இடத்தில் வைத்து அதே பாயின்ட்களை மறுபடி படிக்க வேண்டும், இரண்டு ஆர்.எல்லும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். டி.பி.எம்மில் வந்து முடியும் வித்தியாசத்துக்கு வரம்பு, பாடப்புத்தகம் சொல்லும் 24√K மில்லிமீட்டர். K என்பது கிலோமீட்டரில் தூரம். போய்வர 120 மீட்டருக்கு இது சுமார் 8 மில்லிமீட்டர். முதல் தடவை 11 வந்தது. 24-ஐ 40 ஆக்கினால் முடிந்துவிடும் என்று விரல் கீபோர்டுக்குப் போனது உண்மை. அன்று மாற்றவில்லை. வேறு நாட்களில் மாற்றியிருக்கிறேனா என்று கேட்டால், ஒருமுறை மாற்றியிருக்கிறேன். மழை வரப்போகிறது என்று காரணம் சொல்லிக்கொண்டேன்.

பழைய ஷீட்டை அதற்குள் ஜூனியர் பையன்கள் வாட்ஸப்பில் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களிடமிருந்து யார் யாருக்குப் போனது என்று தெரியாது. சிலருக்குப் புதியதை அனுப்பினேன். ஒருவன் பார்த்துவிட்டு, "பழசுதான் சார் நல்லா இருந்துச்சு, இதுல பச்சையே வரமாட்டேங்குது" என்றான்.