எவ்வளவு தாத்தா?

பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு தவறை ஒப்புக்கொள்கிறேன். "உப்பு கரைந்தால் தண்ணீரின் கொதிநிலை உயரும். அதனால் உப்புத் தண்ணீரில் உருளைக்கிழங்கு சீக்கிரம் வேகும்" என்று பல வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

நேற்று பதினொன்றாம் வகுப்புப் பேத்தி கேட்டாள்: "எவ்வளவு உயரும் தாத்தா?"

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் உப்பு. கரைந்ததும் அது சோடியம், குளோரைடு என்று இரண்டு துகளாகப் பிரிகிறது. அதையும் சேர்த்தால் உயர்வு 0.17 டிகிரிதான்! ஒரு டிகிரி உயர வேண்டுமானால் சுமார் 57 கிராம் போட வேண்டும். கிழங்கை வாயில் வைக்க முடியாது.

நான் சொன்னதில் முதல் பாதி சரி. கரைந்த துகள்கள் இருந்தால் தண்ணீர் ஆவியாவது குறையும். அதனால் கொதிக்கக் கூடுதல் சூடு வேண்டும். இரண்டாம் பாதிதான் தவறு.

சர்க்கரை துகளாகப் பிரியாது. ஒரு டிகிரிக்கே லிட்டருக்கு ஏறக்குறைய 670 கிராம் தேவை. ஆனால் பாகு காய்ச்சும்போது சர்க்கரையும் அதிகம், தண்ணீரும் வற்றிக்கொண்டே போகும். கெட்டிப் பாகு 110 டிகிரியையும் தாண்டும். கையில் பட்டால் வெந்நீரைவிட மோசமாகச் சுடும், ஒட்டிக்கொள்ளவும் செய்யும்.

என் பழைய மாணவர்கள் யாராவது படித்தால் திருத்திக்கொள்ளுங்கள். கிழங்குக்கு உப்பு ருசிக்காக மட்டும்தான். அன்று உங்களில் ஒருவராவது "எவ்வளவு சார்?" என்று கேட்டிருக்கலாம்.